ஒரு மெயிலில் ஒரு கேள்வி: தோல், காலணிக் கம்பெனி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங் பிரிவைக் கவனிக்கும் மேலாளர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மூன்று கம்பெனிகள் மாறிவிட்டேன். மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு விதி சொல்லித் தரப்பட்டது: "கஸ்டமரைச் சும்மா சும்மா தொந்தரவு பண்ணாதீங்க. கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வெச்சு சாயங்காலம் ஒரே மெயிலாப் போடுங்க." நானும் அதைப் பல வருடம் கடைப்பிடித்தேன், எனக்குக் கீழே வந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அந்த விதியை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அதனால் என்ன ஆனது என்பதை ஒரு ஆர்டரை வைத்தே சொல்கிறேன். பெண்களுக்கான கணுக்கால் பூட், 2,400 ஜோடி, ஜெர்மனிக்குப் போக வேண்டியது. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வாங்குபவருக்கு மெயில் எழுதினேன். மூன்று விஷயம் கேட்க வேண்டியிருந்தது. முதலாவது, டேன் நிறத்தில் ஏ, பி என்று இரண்டு துண்டுத் தோல் கூரியரில் அனுப்பியிருந்தோம். ஏ கொஞ்சம் வெளிர், பி ஒரு சாயல் அடர்த்தி. இரண்டில் எது என்று தெரிய வேண்டும். இரண்டாவது, 42ஆம் சைஸில் 30 ஜோடி போட்டிருந்தார்கள். அட்டைப்பெட்டிக்கு 12 ஜோடி என்பதால் அது 24 ஆகவோ 36 ஆகவோ இருந்தால்தான் பெட்டி நிறையும். மூன்றாவது, கப்பல் ஒரு வாரம் தள்ளிப் போனால் பரவாயில்லையா என்பது.

மூன்றையும் ஒரே மெயிலில் எழுதினேன். புதிதாகக்கூடத் தொடங்கவில்லை. இரண்டு மாதம் முன்பு வேறு சாம்பிளுக்காக ஓடிக்கொண்டிருந்த மெயிலுக்குப் பதில் போடுவதுபோல் எழுதியதால் தலைப்பில் 'Re: Re: Fwd: சாம்பிள் நிலவரம்' என்றுதான் இருந்தது. (மெயில் எல்லாம் ஆங்கிலத்தில் போனவை. இங்கே தமிழில் தருகிறேன்.) ஷேடு பற்றிய பத்தியில், "எங்களுக்கு பி நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது, அதிலேயே போகலாம் என்று நினைக்கிறோம்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். கப்பல் விஷயம் கடைசிப் பத்தி.

மறுநாள் பதில் வந்தது. "சரி, அப்படியே செய்யுங்கள். நன்றி." அவ்வளவுதான்.

செவ்வாய் காலை டேனரியில் டை மாஸ்டர் காத்திருந்தார். வெட் ப்ளூ ஷேவிங் முடிந்து அடுக்கியிருந்தது. "என்னம்மா, ஏ-வா பி-யா? டிரம்மைச் சுத்த விடட்டுமா?" என்று போனில் கேட்டார். "பி-க்கு ஓகே வந்துடுச்சு மாஸ்டர், ஏத்திடுங்க" என்று சொன்னேன். ஜோடிக்கு மூன்று சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 7,200 சதுர அடித் தோல். எல்லாம் பி நிறத்தில் சாயமேறி வெளியே வந்தது. அதில் தைத்த சாம்பிள் ஜோடி ஜெர்மனி போய்ச் சேர்ந்த அன்று வாங்குபவரான அந்த அம்மா கேட்டார்: "எனக்கு வேண்டியது ஏ-தானே? பி யார் முடிவு செய்தது?"

அவர் சரி என்று சொன்னது கப்பலுக்கு மட்டும். மெயிலைப் பயணத்தில் இருக்கும்போது போனில் பார்த்திருக்கிறார். கடைசிப் பத்தி கண்ணில் பட்டது, பதில் போட்டுவிட்டார். ஷேடு துண்டுகள் அதுவரை அவர் மேசைக்கே வரவில்லை. அவர்கள் ஆபீஸ் தபால் அறையில் கிடந்தன. மறுபடி அந்த மெயிலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்று கேள்விக்கு ஒரு 'சரி' வந்தது, அதை எனக்கு வேண்டிய கேள்வியில் நானே ஒட்டிக்கொண்டேன்.

சாயம் போட்ட தோலை இன்னும் அடர்த்தியாக்கலாம். வெளிர் நிறத்துக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே அந்தத் தோல் முழுவதும் கறுப்பாக்கப்பட்டு வேறு ஆர்டருக்கு ஒதுங்கியது. ஏ நிறத்துக்குப் புதிதாகத் தோல் எடுத்து, சாயம் ஏற்றி, காயவைத்து, ஃபினிஷிங் முடித்துக் கட்டிங்குக்குக் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. கடைசியில் பாதிச் சரக்கு விமானத்தில் போனது, எங்கள் செலவில்.

இதை நினைக்கும்போதெல்லாம் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில் என் பெரியம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அவருக்கு இரண்டு குறை. பெரியப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பட்டா தன் பெயருக்கு மாற வேண்டும், நின்றுபோன உதவித்தொகை மறுபடி வர வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மனு எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மனுவுல ஒரு விஷயம்தான்மா. பட்டா தாசில்தாருக்குப் போவும், பணம் சமூகப் பாதுகாப்புத் தாசில்தாருக்குப் போவும். ரெண்டையும் சேத்து எழுதுனா, ஒருத்தரு தன்னோடதுக்குப் பதில் சொல்லிட்டு மனுவை முடிச்சிடுவாரு. இன்னொண்ணு அதோட போயிடும்." இரண்டு தாள் எடுத்து இரண்டு மனு எழுதினார். ஒவ்வொன்றின் மேலேயும் 'பொருள்' என்று போட்டு, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதினார்.

என் பூட் ஆர்டரில் நடந்தது அப்படியே அதுதான். ஒன்றுக்குப் பதில் வந்தது, மனு முடிந்துவிட்டது.

நம் மெயில் தலைப்புகளைப் பாருங்கள். 'ஷேடு தொடர்பாக', 'அவசரம்', 'நிலவரம்', 'ஆர்டர் விஷயம்'. என்ன வேண்டும் என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. 'தொடர்பாக' என்ற சொல் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று மட்டும் சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. மெயிலின் உள்ளே 'ஆவன செய்யவும்' என்று முடிப்பதும் அதே கதைதான். ஆவன எது என்று படிக்கிறவர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வியாழக்கிழமை நான் போட்டிருக்க வேண்டிய தலைப்பு இது:

"ஷேடு ஏ அல்லது பி? திங்கள் 12.30க்குள் (உங்கள் நேரம்), பி.ஓ. 4471"

முதலில் கேள்வி, அடுத்து கெடு, கடைசியில் ஆர்டர் எண். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும், மிச்சம் அறுபட்டுவிடும். 'பி.ஓ. 4471, கணுக்கால் பூட், இலையுதிர் சீசன்' என்று தொடங்கினால் கேள்வி அறுபட்ட பக்கம் போய்விடும். எண் கடைசியில் இருந்தாலும் தேடும்போது கிடைக்கும். ஜிமெயிலில் தேடும் இடத்தில் இப்படித் தட்டினால் அந்த ஆர்டர் மெயில்கள் வந்துவிடும்:

```
subject:4471
```

ஒரு சின்ன எச்சரிக்கை. எண்ணை `PO4471` என்று ஒட்டி எழுதாதீர்கள். ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடும் என்பதால், ஒட்டி எழுதியது 4471 என்று தேடும்போது அகப்படாது. `PO 4471` என்று இடைவெளி விட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிரிவில் பாதிப் பேர் ஒட்டியும் மீதிப் பேர் பிரித்தும் எழுதிக்கொண்டிருந்தபோது, கிடைக்காத மெயிலை வரவே இல்லை என்று சாதித்தவர்கள் உண்டு.

சரி, ஒரு கேள்விக்கு ஒரு மெயில் என்றால் ஒரு நாளைக்கு இருபது மெயில் போகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் பிய்க்கச் சொல்லவில்லை. நான் இரண்டே விஷயம் பார்க்கிறேன். இந்தக் கேள்விகளுக்கு ஒரே ஆள் பதில் சொல்வாரா, ஒரே கெடுவுக்குள் பதில் வேண்டுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒரே மெயிலில் போகலாம். ஷேடு எது, தடிமன் 1.2 மில்லிமீட்டரா 1.4 மில்லிமீட்டரா என்பவை ஒரே ஆள் அதே துண்டுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் பதில்கள். அவற்றை எண் போட்டுச் சேர்த்தே கேட்கலாம். என் மூன்று கேள்விகள் அப்படி இல்லை. ஷேடை அந்த அம்மா முடிவு செய்வார், சைஸ் கணக்கை அவர்கள் ஸ்டாக் பிரிவு சொல்லும், கப்பலை அவர்கள் லாஜிஸ்டிக்ஸ் ஆள் சொல்ல வேண்டும். ஷேடுக்குத் திங்கள் கெடு, சைஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒன்றாகக் கட்டியதில் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடிய கேள்வியும் நான்கு நாளில் முடிய வேண்டிய கேள்வியும் ஒரே மாதிரித் தெரிந்தன.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த மெயிலுக்கு வெறும் 'சரி' என்று பதில் வந்தால், எதற்குச் சரி என்று சந்தேகமில்லாமல் தெரியுமா? தெரியாது என்றால் அனுப்பக் கூடாது. 'ஏ அல்லது பி' என்று கேட்டால் 'சரி' என்று யாரும் பதில் போட முடியாது. போட்டாலும் அது பதில் இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

அந்த மெயில் மொத்தமும் இவ்வளவு போதும்: "வணக்கம். 9ஆம் தேதி கூரியரில் அனுப்பிய இரண்டு துண்டுகளில் எது வேண்டும், ஏ-வா பி-யா என்று சொல்லுங்கள். செவ்வாய் காலை டிரம் ஏற்றுகிறோம், அதனால் திங்கள் உங்கள் நேரம் 12.30க்குள் தேவை. பதில் வராவிட்டால் டிரம்மை நிறுத்தி வைப்போம், ஒவ்வொரு நாளும் கப்பல் தேதியிலிருந்து போகும்." எங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்ற வரி இதில் இருக்கவே கூடாது. அந்த ஒரு வரிதான் என் மெயிலைக் கேள்வியிலிருந்து அறிவிப்பாக மாற்றியது.

அந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாகக் கவனியுங்கள். 'பதில் வராவிட்டால் பி-யில் போட்டுவிடுவோம்' என்று எழுதச் சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள், வேலை நிற்காது என்று. திருப்ப முடியாத வேலைக்கு அப்படி எழுதவே கூடாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதை, தப்பானால் திருத்திக்கொள்ளக்கூடிய இடத்தில் மட்டும் செய்யலாம். பெட்டிமேல் ஒட்டும் லேபிள் எந்தப் பக்கம் என்பது போன்ற கேள்விக்குப் 'பதில் வராவிட்டால் போன சீசன் மாதிரியே ஒட்டுகிறோம்' என்று எழுதலாம். சாயத்துக்கும் கட்டிங்குக்கும் முடியாது.

அப்புறம் நினைவூட்டல். இதில்தான் பிள்ளைகள் மிகவும் சங்கடப்படுகிறார்கள். தினமும் கேட்டால் கஸ்டமர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் ஒரு பக்கம், கேட்காவிட்டால் நீங்கள் திட்டுவீர்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். அதனால் மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, நான்காம் நாள் 'கீழே உள்ள மெயிலைக் கவனிக்கவும்' என்று ஒரு வரி போட்டு, உங்களையும் உங்கள் மேலே இருப்பவரையும் நகலில் சேர்த்து அனுப்புகிறார்கள். அது கஸ்டமர் கண்ணுக்குப் புகார் மாதிரிதான் தெரியும்.

நினைவூட்டலை மெயில் போட்ட நாளிலிருந்து எண்ணாமல் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் காலை டிரம். திங்கள் சாயங்காலம் நான்கு மணிக்குள் தெரிந்தால் டை மாஸ்டர் ரசாயனங்களை எடை போட்டுத் தயாராக வைப்பார். ஜூனில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே நம் நான்கு மணி அங்கே பன்னிரண்டரை. சனி ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை, வெள்ளி மதியத்துக்கு மேல் பல ஆபீஸில் ஆள் இருக்காது. அப்படியென்றால் வியாழன் போட்ட மெயிலுக்கு உண்மையில் இருப்பது வெள்ளி காலையும் திங்கள் காலையும்தான். முதல் நினைவூட்டல் திங்கள் நம் ஒரு மணிக்குப் போக வேண்டும், அங்கே ஒன்பதரை, ஆள் வந்து உட்கார்ந்திருக்கும் நேரம். மூன்று மணி வரை பதில் இல்லையென்றால் போன். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறியதும் வித்தியாசம் நான்கரை மணி ஆகிவிடும், மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி மூன்றரை. குளிர்காலத்தில் இதே கணக்கைப் போட்டால் அந்த ஒரு மணி அங்கே எட்டரை. இந்த மாற்றம் தெரியாமலேயே வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நினைவூட்டும் முன் இன்னொரு வேலை இருக்கிறது, யாரும் செய்வதில்லை. அவரால் பதில் சொல்ல முடியுமா என்று பார்ப்பது. என் விஷயத்தில் கூரியர் எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் பார்சல் வெள்ளி காலைதான் அவர்கள் வரவேற்பில் கையெழுத்தாகியிருந்தது என்று தெரிந்திருக்கும். தோலின் நிறத்தைப் போட்டோவில் முடிவு செய்ய யாரும் துணிய மாட்டார்கள், துண்டு கைக்கு வர வேண்டும். ஆகவே நினைவூட்டல் "பதில் எதிர்பார்க்கிறோம்" என்று இல்லாமல் இப்படிப் போயிருக்க வேண்டும்: "துண்டுகள் வெள்ளி காலை உங்கள் வரவேற்பில் வாங்கப்பட்டிருக்கின்றன, தபால் அறையில் இருக்கலாம். ஏ அல்லது பி, இன்று 12.30க்குள் சொல்லுங்கள்." கேள்வி முழுமையாக மறுபடி இருக்கிறது, அவர் கீழே உருட்டிப் போய்த் தேட வேண்டியதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நினைவூட்டலை அதே மெயிலுக்குப் பதிலாகத்தான் போட வேண்டும், தலைப்பை மாற்றக் கூடாது. 'இரண்டாம் நினைவூட்டல், மிக அவசரம்' என்று தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும், முன் சொன்னது ஒன்றும் அதன் கூட வராது. இதையே திருப்பிப் போட்டால், புதுக் கேள்விக்குப் பழைய மெயிலில் பதில் போடக் கூடாது. புதுக் கேள்வி புதுத் தலைப்பு, பழைய கேள்வி பழைய தலைப்பு.

போனில் பதில் வாங்கினால் அந்த நிமிடமே அதே மெயிலில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "இன்று போனில் சொன்னபடி ஏ ஷேடு, நாளை காலை டிரம் ஏற்றுகிறோம்." அதை எழுதி அனுப்பிய பிறகுதான் டேனரிக்குச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். ஆனால் உங்கள் அனுமதி இல்லாமல் ஒருவராலும் செய்ய முடியாது என்பதால்தான் மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மூன்று விஷயம் உங்கள் கையில் இருக்கிறது.

நாளுக்கு ஒரு மெயில் என்ற விதியை எடுத்துவிடுங்கள். கெடுவும் ஆளும் வேறானால் மெயிலும் வேறு என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டுக்குப் போன் பேசும் உரிமையை உங்கள் மேசையோடு நிறுத்தாதீர்கள். இன்றும் பல கம்பெனிகளில் சேர்ந்து மூன்று வருடமாகாத பெண்கள் கஸ்டமருக்குப் போன் செய்யக் கூடாது. நீங்கள் ஃபேக்டரியில் ரவுண்டு போய்விட்டு வருவதற்குள் அங்கே பன்னிரண்டரை தாண்டிவிடுகிறது.

பெறுநர் வரிசையில் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும், பதில் சொல்ல வேண்டியவர் பெயர். தெரிந்துகொள்ள மட்டும் வேண்டியவர்கள் நகலில் இருக்கட்டும். நம் ஆபீஸுக்குள் டேனரி, லேப், ஷிப்பிங் மூன்றையும் பெறுநரில் போட்டு 'ரிப்போர்ட் தேவை' என்று எழுதுகிறோம். லேப் தருவார்கள் என்று டேனரி இருக்கும், டேனரி அனுப்பியிருக்கும் என்று லேப் இருக்கும். எல்லா மெயிலிலும் உங்களை நகலில் வைக்க வேண்டும் என்ற உத்தரவையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு நாளைக்கு முந்நூறு மெயிலில் நகலாக இருப்பவர் எதையும் படிப்பதில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பி ஷேடு மெயிலிலும் என் மேலாளர் நகலில் இருந்தார்.

எங்கள் பிரிவில் இப்போது சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஆர்டர் எண், கேட்ட கேள்வி, யாரிடம், கெடு, அடுத்து எப்போது கேட்பது. ஐந்தே கட்டம். காலை ஒன்பதரைக்கு எல்லாரும் நின்றுகொண்டே பத்து நிமிடம் அதைப் பார்ப்போம், பதில் வந்ததை அழிப்போம். இன்று காலை பதினொரு வரி இருந்தது. அதில் ஒன்று ஷேடு, ஏ அல்லது பி, கெடு நாளை மதியம் 12.30. கூரியர் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பெண்ணுக்குச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
ஆம்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்